கைப்பேசி பழுது நீக்குவோரின் தன்விவரக் குறிப்பு
(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கைப்பேசி பழுது நீக்கும் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். ஆட்களை வேலைக்கு எடுத்திருக்கிறேன். வேண்டாம் என்று திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். அவ்வாறு திருப்பியனுப்பிய ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அது என்னுடைய பிழை. அந்தப் பிழைக்கு ஒரு தாளும் துணை நின்றது. பயோடேட்டா என்று நாம் வழக்கமாகச் சொல்லும் தன்விவரக் குறிப்பே அந்தத் தாள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியைச் சேர்ந்த தம்பி ஒருவர் என் கடைக்கு வேலை கேட்டு வந்தார். அவர் கொடுத்த குறிப்பு இரண்டு பக்கம் இருந்தது. முதல் பக்கம் முழுவதும் தந்தை பெயர், மதம், சாதி, திருமண நிலை, உயரம், எடை ஆகியவை. இரண்டாம் பக்கத்தில் தொழிலைப் பற்றி நான்கே வரிகள். "அனைத்து நிறுவனக் கைப்பேசிகளும் பழுது பார்க்கத் தெரியும். அனைத்து வகைப் பழுதும் நீக்குவேன். விரைவான சேவை. நேர்மையானவன்." அதே நான்கு வரிகளை அந்த மாதத்தில் மட்டும் மூன்று பேருடைய தாளில் நான் படித்திருந்தேன். பிறகு சொல்லியனுப்புகிறேன் என்று கூறி அவரை அனுப்பிவிட்டேன். சொல்லியனுப்பும் எண்ணம் எனக்கு இல்லை.

இரண்டு வாரம் கழிந்தது. முன்பு என்னிடம் ஒரு கைப்பேசியைக் கொண்டுவந்து, "இது தேறாது" என்று நான் திருப்பிக் கொடுத்த அம்மையார் ஒருவர் அதே கைப்பேசியில் பேசிக்கொண்டு கடை வழியே போனார். தண்ணீர்த் தொட்டியில் விழுந்து உயிரற்றுப் போயிருந்த விவோ கைப்பேசி அது. யார் சரிசெய்தார் என்று கேட்டேன். பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்திலுள்ள சிறு கடையில் ஒரு பையன் சரிசெய்தான் என்றார். போய்ப் பார்த்தேன். நான் திருப்பியனுப்பிய அதே தம்பி அங்கே உட்கார்ந்திருந்தார்.

வெட்கத்தை விட்டு, எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்டேன். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, நீள வாக்கில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி எழுதியிருந்தார். வந்த தேதி, கைப்பேசியின் மாடல், வாடிக்கையாளர் சொன்ன குறை, தாம் கண்ட காரணம், செய்த வேலை, கொடுத்த தேதி, திரும்பி வந்ததா என்ற ஏழு கட்டங்கள் அதில் இருந்தன. "கூலிக் கணக்குக்காக எழுத ஆரம்பித்தேன் அண்ணே, அப்படியே பழகிவிட்டது" என்றார்.

அவருடைய உண்மையான தன்விவரக் குறிப்பு அந்த நோட்டுப் புத்தகம்தான். ஆனால் அது இழுப்பறையில் கிடந்தது. அவர் கையில் கொண்டு அலைந்ததோ யாரும் எழுதக்கூடிய நான்கு வரித் தாள். அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து, அந்த நோட்டில் கடைசி மூன்று மாதம் பதிவாகியிருந்த 240 வேலைகளை எண்ணிப் பிரித்தோம். அவற்றிலிருந்து ஒரு பக்கத்தில் புதிய குறிப்பு எழுதினோம். எப்படி எழுதினோம் என்பதை வரி வரியாக உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் முதல் பக்கத்தை அப்படியே நீக்கினோம். மதம், சாதி, திருமணம், எடை ஆகியவற்றுள் எதுவும் ஈயம் பற்றவைக்கும் கைக்குத் தொடர்பில்லாதது. பெயர், ஊர், தொடர்பு எண், படிப்பு, பயிற்சி என்பவை போதும். நம் பிள்ளைகள் பலருக்கு "இவன் நமக்குத் தெரிந்த பையன்" என்று ஒரு முதலாளியிடம் சொல்ல ஆள் கிடையாது. பரிந்துரைக்க ஆள் இல்லாதவனுக்குத் தாள்தான் பரிந்துரை. அந்தத் தாளின் பாதியை, தொழிலைப் பற்றி ஒன்றும் சொல்லாத செய்திகளுக்கு விட்டுக்கொடுக்கலாமா?

அடுத்தது, பழுது பார்த்த நிறுவனங்கள். "அனைத்து நிறுவனமும்" என்று எழுதியவரைப் பார்த்து முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "எதை எத்தனை முறை திறந்திருக்கிறாய்?" என்பதுதான். 240 வேலைகளில் சியோமியின் ரெட்மி, போக்கோ வகைகள் 70, விவோ 52, சாம்சங் 46, ரியல்மி 28, ஒப்போ 26, மற்றவை 18 என்று வந்தது. அந்த 18-இல் ஆப்பிள் ஐபோன் ஆறு. ரெட்மியையும் போக்கோவையும் வெவ்வேறு நிறுவனம் போல் தனித்தனியே எழுதிப் பட்டியலை நீட்டுவோர் உண்டு. தொழில் அறிந்தவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். ஆகவே சேர்த்தே எழுதினோம்.

எண்ணிக்கை ஏன் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல், திறக்கும் வழியும் உள்ளமைப்பும் மாறுகின்றன. பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளைப் பின்மூடியைச் சூடாக்கித் திறக்கிறோம். ஐபோன்களில் பலவற்றை முன்பக்கத் திரையைத் தூக்கித்தான் திறக்க வேண்டும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் சார்ஜ் ஏற்றும் துளை ஒரு தனிச் சிறு போர்டில் இருக்கும். அந்தப் போர்டையே மாற்றிவிடலாம். துளை முதன்மை போர்டிலேயே பதிந்திருந்தால் அதைச் சூட்டில் கழற்றி மறுபடி பற்றவைக்கும் கைப்பழக்கம் வேண்டும். 70 முறை திறந்தவர் எங்கே எந்த வயர் அறுந்துபோகும் என்று அறிவார். ஆறு முறை திறந்தவர் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

அதனால் ஐபோனைப் பற்றி அந்தத் தம்பி, "ஆறு, பேட்டரியும் டிஸ்பிளேயும் மட்டும்" என்றே எழுதினார். குறைத்து எழுதினால் மதிப்புக் குறையாதா என்று தயங்கினார். குறையாது என்றேன். "ஐபோனில் வெளித் தயாரிப்புப் பேட்டரி போட்டால் என்ன நடக்கும்?" என்று யாரேனும் கேட்டால், "2018-இல் வந்த எக்ஸ்.எஸ்., எக்ஸ்.ஆர். முதல் அமைப்புப் பகுதியில் அறியாத பாகம் என்ற அறிவிப்பு வரும், அதை வேலைக்கு முன்பே சொல்லிவிடுவேன்" என்று அவரால் விடை தர முடியும். ஆறு வேலை செய்தவருடைய உண்மையான அறிவு அது. அறுநூறு என்று எழுதிவிட்டு அந்தக் கேள்விக்கு விழிப்பவருடைய கதி என்னவென்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, நீக்கிய பழுதுகள். பெரும்பாலோர் வாடிக்கையாளர் சொன்ன குறையையே பழுதின் பெயராக எழுதிவிடுகிறார்கள். "சார்ஜ் ஏறவில்லை" என்பது குறை. காரணம் துளைக்குள் அடைந்த துணித் தூசியாக இருக்கலாம். துருப்பிடித்த முள்ளாக இருக்கலாம். சிறு போர்டாகவோ, இணைப்பு வயராகவோ, பேட்டரியாகவோ, முதன்மை போர்டிலுள்ள சார்ஜிங் ஐசியாகவோ இருக்கலாம். தூசியை எடுத்தால் தீரும் வேலைக்குப் போர்டை மாற்றிப் பணம் வாங்குகிறவரும், ஐசி பழுதுக்குத் துளையை மாற்றிவிட்டு விழிக்கிறவரும் தாளில் "சார்ஜிங் பழுது நீக்குவேன்" என்றே எழுதுவார்கள். குறையிலிருந்து காரணத்துக்கு எப்படிப் போகிறீர்கள் என்பதே தொழில். அதைக் குறிப்பில் ஒரு வேலையின் வழியாகவேனும் காட்ட வேண்டும்.

அந்த விவோ கைப்பேசியையே எடுத்துக்கொள்வோம். நான் செய்தது என்ன? சார்ஜரில் போட்டேன், அசைவில்லை. வேறு பேட்டரி போட்டேன், அசைவில்லை. கைவிட்டேன். அந்தத் தம்பி பேட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த முனைகளில் டிசி பவர் சப்ளையிலிருந்து 4 வோல்ட் கொடுத்தார். பவர் பட்டனை அழுத்துமுன் மின்னோட்டம் ஏறக்குறைய சுழியாக இருக்க வேண்டும். அழுத்தாமலே 0.8 ஆம்பியர் காட்டியது. அப்படியானால் பேட்டரியிலிருந்து நேரே வரும் மின்பாதையில் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். கசியும் பாகம் சூடாகும் அல்லவா? ஈயம் பற்றவைக்கப் பயன்படும் ரோசினை ஆவியாக்கிப் போர்டின் மேல் வெண்படலமாகப் படியவிட்டு, மறுபடி மின்சாரம் கொடுத்தார். சார்ஜிங் ஐசியின் அருகிலிருந்த ஒரு சிறிய கெப்பாசிட்டரின் மேல் மட்டும் படலம் உருகித் தெளிந்தது. அதைச் சூடான காற்றால் கழற்றியதும் கசிவு நின்றது. அதே பாதையில் அதைப் போன்ற வேறு கெப்பாசிட்டர்களும் இருந்தமையால், அந்த ஒன்று இல்லாமலே கைப்பேசி எழுந்துகொண்டது. பிறகு தகர மூடிகளுக்கு அடியில் படிந்திருந்த பச்சைத் துருவை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துலக்கினார்.

இவ்வளவு செய்தபின் அந்த அம்மையாரிடம், "தண்ணீர் பட்ட போர்டு அம்மா, இன்றைக்கு ஓடுகிறது, உத்தரவாதம் தர முடியாது, முதலில் படங்களையும் எண்களையும் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றும் சொல்லியிருக்கிறார். பழுதை அறிந்தவரே அதன் எல்லையையும் அறிவார்.

240 வேலைகளையும் காரணத்தின்படி பிரித்தபோது டிஸ்பிளே 72, சார்ஜிங் 58, பேட்டரி 41, மைக், ஸ்பீக்கர், பட்டன்கள் 24, மென்பொருள் 21, தண்ணீர் பட்டவையும் உயிரற்றவையும் 24 என்று வந்தது. சேவை மையங்களில் வேலையைப் படிநிலையாகப் பிரிப்பார்கள். பாகத்தைக் கழற்றி மாற்றுவதும் மென்பொருள் ஏற்றுவதும் கீழ்ப்படிகள்; போர்டின் மேலுள்ள தனி உறுப்புகளைக் கண்டறிந்து மாற்றுவது மேற்படி. நம் தம்பியின் வேலையில் பத்தில் ஒன்பது பங்கு கீழ்ப்படியில் இருந்தது. மேற்படியில் இருந்த 24-இல் 14-ஐச் சரிசெய்திருந்தார். 10-ஐத் திருப்பிக் கொடுத்திருந்தார். அந்தப் பத்தையும் குறிப்பில் எழுதச் சொன்னேன். தண்ணீர் பட்டவை அனைத்தையும் உயிர்ப்பித்தேன் என்று எழுதினால் எந்தத் தொழிலாளியும் நம்ப மாட்டான். 24-இல் 14 என்றால், "அந்தப் பத்தும் ஏன் போயின?" என்று கேட்பான். அந்தக் கேள்வி வந்துவிட்டால் நேர்முகம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

நான்காவது, எடுத்துக்கொள்ளும் காலம். "விரைவான சேவை" என்பது சுவரொட்டிக்கு உரிய சொல். காலம் என்பது கைப்பேசி கடைக்குள் வந்ததிலிருந்து வாடிக்கையாளர் கையில் திரும்பச் சேரும்வரை. வேலைக்கான நேரம் வேறு, பாகத்துக்காகக் காத்திருக்கும் நேரம் வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தண்ணீர் பட்ட பத்துடன், பாகம் கிடைக்காமலும் மதிப்பீடு ஒப்பாமலும் திரும்பிய நான்கையும் கழித்தால், சரிசெய்து கொடுத்தவை 226. அவற்றில் அன்றைக்கே கொடுத்தவை 158. ஒன்று முதல் மூன்று நாளில் கொடுத்தவை 49. மூன்று நாளைக் கடந்தவை 19. அவற்றில் 16 பாகம் வரக் காத்திருந்தவை. ஆகவே, "நூற்றுக்கு எழுபது அன்றைக்கே, தாமதமானவற்றில் பெரும்பகுதி பாகம் வராமையால்" என்று எழுதினோம்.

வேகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. டிஸ்பிளே மாற்றியபின் அதை ஒட்டும் பசை பிடிப்பதற்குக் கிளிப் போட்டுச் சில மணி நேரம் வைக்க வேண்டும்; முழு வலு பெற ஒரு நாளும் அதற்கு மேலும் ஆகும். இருபது நிமிடத்தில் டிஸ்பிளே மாற்றித் தருகிறேன் என்று எழுதுகிறவர் பசைக்கு உரிய நேரத்தைத் திருடுகிறார். அந்தக் கைப்பேசியின் விளிம்பு பத்து நாளில் தூக்கிக்கொண்டு திரும்பி வரும். குறைந்த நேரத்தைவிட, சொன்ன நேரத்தில் கொடுத்தேனா என்பதையே அறிந்தவர்கள் பார்க்கிறார்கள்.

ஐந்தாவதாக, வாடிக்கையாளரின் நம்பிக்கை. இதை எழுதுவதே எல்லாவற்றிலும் கடினம். "நேர்மையானவன்" என்று தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்வதால் யாரும் நேர்மையானவன் ஆவதில்லை. நம்பிக்கையை எண்ணக்கூடியதாகவும் நடைமுறையாகவும் காட்ட வேண்டும்.

எண்ணக்கூடியது, திரும்பி வந்த வேலைகள். 226-இல் 30 நாளுக்குள் அதே குறையோடு, அல்லது நம் வேலையால் உண்டான குறையோடு, 9 திரும்பி வந்திருந்தன. நூற்றுக்கு நான்கு. அவற்றில் 5 டிஸ்பிளே. ஏன் என்று நோட்டில் தேடினோம். இரண்டில் பசை காயுமுன் கொடுத்த அவசரம். மற்ற மூன்றும் வேறு வகை. திரைக்குள்ளேயே விரல்ரேகை படிக்கும் கைப்பேசிகள் அவை. அவற்றின் சொந்தத் திரை ஓஎல்இடி வகை. அதனூடே ஒளி ஊடுருவிச் சென்று கீழிருக்கும் சென்சார் ரேகையைப் படிக்கிறது. விலை குறைவு என்று எல்சிடி வகைத் திரையைப் போட்டால் படம் தெரியும், தொடுதலும் வேலை செய்யும். விரல்ரேகை மட்டும் வேலை செய்யாது. வாடிக்கையாளரிடம் அதை முன்பே சொல்லவில்லை. அவர்கள் ஏமாற்றப்பட்டதாக எண்ணித் திரும்பி வந்தார்கள். எண்ணியதில் தவறும் இல்லை.

இதை உணர்ந்த தம்பி இரண்டாம் மாதக் கடைசியிலிருந்து, திரையின் வகையையும் அதனால் எது வேலை செய்யாது என்பதையும் ரசீதிலேயே எழுதி, ஒப்புதல் பெற்றபின் வேலையைத் தொடங்கினார். மூன்றாம் மாதத்தில் மாற்றிய டிஸ்பிளே ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. இந்தச் செய்தியை இரண்டு வரியில் குறிப்பில் சேர்த்தோம். தவறே செய்யாதவன் என்று காட்டும் வரியைவிட, தவற்றின் காரணத்தைக் கண்டு நிறுத்தியவன் என்று காட்டும் வரி வலிமை மிக்கது.

இனி நடைமுறை. கைப்பேசிக்குள் ஒருவருடைய வங்கிக் கணக்கும் குடும்பப் படங்களும் இருக்கின்றன. ஆகவே அந்தத் தம்பி பூட்டு எண்ணைக் கேட்டு எழுதி வைப்பதில்லை. சோதிக்க வேண்டுமானால் உரியவரையே திறந்து காட்டச் சொல்கிறார். சிம்மையும் மெமரி கார்டையும் வாங்கும்போதே கழற்றிக் கொடுத்துவிடுகிறார். முன்பே இருந்த கீறல்களைக் குறித்துக்கொள்கிறார். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் காட்டுகிறார்; உப்பிய பேட்டரியை மட்டும் கொடுத்தனுப்புவதில்லை, அது தீப்பற்றக்கூடியது. மென்பொருளைப் புதிதாக ஏற்றுமுன், உள்ளே இருப்பவை அழியும் என்று சொல்லி ஒப்புதல் பெறுகிறார். இவை யாவும் குறிப்பில் நான்கு சிறு வரிகளில் அடங்கும். வாடிக்கையாளர்களின் பெயரையும் எண்ணையும் சான்றாக எழுதாதீர்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் காட்டப் போய் அதையே உடைத்தவர் ஆவீர்கள். வேண்டுமானால் முன்பு வேலை பார்த்த கடைக்காரரின் பெயரை அவர் இசைவோடு தரலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஐ.எம்.இ.ஐ. எண் மாற்றத் தெரியும்", "எந்தப் பூட்டும் திறப்பேன்" என்று சில தம்பிகள் திறமையாக எண்ணி எழுதுகிறார்கள். ஐ.எம்.இ.ஐ. என்பது ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய 15 இலக்க அடையாள எண். `*#06#` என்று அழுத்தினால் திரையில் தெரியும். அதை மாற்றுவதை 2017-ஆம் ஆண்டு விதிகள் தடுத்தன. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அந்த வரியை எழுதுவது திறமையைக் கூறுவதன்று; குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவது. கணக்குப் பூட்டு விழுந்த கைப்பேசி வந்தால் வாங்கிய ரசீதையோ, ஐ.எம்.இ.ஐ. எண் அச்சிட்ட பெட்டியையோ கேளுங்கள். கைப்பேசியில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் `KYM` என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு அந்த 15 இலக்கத்தையும் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்த எண்ணின் நிலையை அரசின் பதிவு தெரிவிக்கும். நம் தம்பி மூன்று மாதத்தில் நான்கு கைப்பேசிகளை இவ்வாறு தொட மறுத்திருந்தார். "உடைமைச் சான்றின்றிப் பூட்டு நீக்குவதில்லை" என்ற அவருடைய வரி, நேர்மையானவன் என்ற சொல்லுக்குப் பதிலாக வந்தது.

இறுதியில் அந்த ஒரு பக்கக் குறிப்பின் நடுப்பகுதி இவ்வாறு அமைந்தது.

"தொழில்: கைப்பேசி பழுது நீக்குநர். பதிவேட்டின்படி கடைசி மூன்று மாத வேலை: 240.

நிறுவனங்கள்: சியோமி 70, விவோ 52, சாம்சங் 46, ரியல்மி 28, ஒப்போ 26, மற்றவை 18 (ஐபோன் 6, பேட்டரி, டிஸ்பிளே மட்டும்).

பழுதுகள்: டிஸ்பிளே 72, சார்ஜிங் 58, பேட்டரி 41, ஒலி மற்றும் பட்டன் 24, மென்பொருள் 21, தண்ணீர் பட்டவை மற்றும் உயிரற்றவை 24 (சரியானவை 14). கசிவைப் பவர் சப்ளையாலும் ரோசினாலும் கண்டறிவேன். ஐசி மாற்றும் பழக்கம் இன்னும் போதாது, கற்று வருகிறேன்.

காலம்: கொடுத்தவை 226, அன்றைக்கே 158, மூன்று நாளுக்குள் 49, அதற்கு மேல் 19 (பாகத்துக்காக 16).

திரும்பி வந்தவை: 30 நாளுக்குள் 9. டிஸ்பிளே 5, காரணம் கண்டு முறை மாற்றியபின் மூன்றாம் மாதத்தில் இல்லை.

நடைமுறை: மதிப்பீட்டுக்கு ஒப்புதல் பெற்றே திறப்பேன். பூட்டு எண் வாங்குவதில்லை. பழைய பாகம் காட்டுவேன். உடைமைச் சான்றின்றிப் பூட்டு நீக்குவதில்லை. பதிவேட்டைக் காட்ட இயலும். வாடிக்கையாளர் விவரம் மறைத்து."

அவ்வளவுதான். இதில் பாராட்டுச் சொல் ஒன்றேனும் இருக்கிறதா, பாருங்கள். ஒவ்வொரு வரியையும் பிடித்துக் கேள்வி கேட்கலாம். ஒவ்வொன்றுக்கும் விடை நோட்டில் இருக்கிறது.

இந்தத் தாளோடு அவர் என்னிடம் வரவில்லை. நானே அழைத்தும், "வேறிடத்திலும் கேட்டுப் பார்க்கிறேன் அண்ணே" என்றார். அது அவருடைய உரிமை. மாவட்டத் தலைநகரிலுள்ள ஒரு சேவை மையத்துக்குச் சென்றார். அங்கிருந்த மேலாளர் தாளைப் படித்துவிட்டு, சாதி சமயம் கேட்கவில்லை, யார் சொல்லி வந்தாய் என்று கேட்கவில்லை. "டிஸ்பிளே ஐந்து ஏன் திரும்பியது?" என்று கேட்டாராம். தம்பி விடை சொன்னார். மேலாளர் எழுந்து, உயிரற்ற ஒரு போர்டை எடுத்து அவர் முன் வைத்து, பவர் சப்ளையைக் காட்டினாராம். அன்றைக்கு அந்தப் போர்டு எழவில்லை. ஆனால் கசிவு எந்தப் பாதையில் இருக்கிறது என்பதையும், தம் கைக்கு எட்டாதது எது என்பதையும் அவர் சரியாகச் சொன்னார். வேலை கிடைத்தது.

எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் வாக்களிக்கவில்லை. தாளைப் படிக்காமலே ஆளைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என்னைப் போலத் தாளைப் படித்தும் ஆளைக் காணத் தவறுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல தாள் முதல் வகையினரைத் திருத்திவிடாது; இரண்டாம் வகையினரைத் தவறவிடாமல் காக்கும். அதுவே அதன் பயனும் எல்லையும்.

ஆகவே இங்கே தொழில் கற்றுக்கொண்டிருக்கும் தம்பி தங்கையரிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. குறிப்பை இன்று எழுத வேண்டாம். நாளைக் காலை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஏழு கட்டம் கோடு போடுங்கள். மேசைக்கு வரும் முதல் கைப்பேசியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். சரியாகாமல் திருப்பிக் கொடுத்ததையும், கொடுத்தபின் திரும்பி வந்ததையும் விடாமல் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த நோட்டோடு நம் சங்கத்தின் படிப்பகத்துக்கு வாருங்கள். நானும் வருகிறேன். உட்கார்ந்து எண்ணுவோம்.